வேலூர் வெயிலில் கர்ப்பிணியின் உடல் வெப்பம்: வெந்நீர்க் குளியல், நீராவி, குடிநீர் பற்றிய முழுமையான வழிகாட்டி

வேலூர்ப் பக்கம் கர்ப்பிணிப் பெண்ணிடம் "உடம்பு சூடாயிடுச்சு" என்று யாராவது சொன்னால், அதற்கு இரண்டு பொருள் இருக்க முடியும். ஒன்று, பப்பாளி, எள், கருவாடு போன்றவற்றைத் தின்றதால் வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் சூடு. எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகினால் தணியும் என்பதும் இந்தச் சூடுதான். மற்றொன்று, நாக்கின் அடியில் தெர்மாமீட்டரை வைத்தால் எண்ணாகத் தெரியும் வெப்பம். முதலாவதைப் பற்றி வீட்டில் நாள் முழுவதும் பேச்சு நடக்கிறது. வயிற்றிலுள்ள குழந்தையை நேரடியாகத் தொடக்கூடிய இரண்டாவதை யாரும் அளப்பதில்லை. கிராமப்புறச் சுகாதார நிலையங்களில் செவிலியராகப் பல கோடைகளைக் கடந்த நான், இந்த இரண்டாவது சூட்டைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

நினைவில் வைக்க வேண்டிய இரண்டு எண்கள்

கர்ப்பிணியின் உடலின் உள்வெப்பம் 39 டிகிரி செல்சியஸை, அதாவது ஏறத்தாழ 102 ஃபாரன்ஹீட்டைத் தாண்டக் கூடாது என்பதே மருத்துவ உலகம் பின்பற்றும் எல்லை. அதற்கு முன்பே ஓர் எச்சரிக்கைக் கோடு இருக்கிறது. 38 டிகிரி, அதாவது 100.4 ஃபாரன்ஹீட். தெர்மாமீட்டர் இந்த அளவைக் காட்டினால், காரணம் காய்ச்சலாக இருந்தாலும் வெயிலாக இருந்தாலும், செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு உடலைக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும்.

தாய்க்கு வியர்வை உண்டு, குழந்தைக்கு அது கிடையாது. குழந்தை தன் உடலில் உண்டாகும் வெப்பத்தை நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் இரத்தத்தில் இறக்கிவைத்துத்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கே நகரும் என்பதால், குழந்தையின் உடல் எப்போதும் தாயின் உடலைவிட ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்கும். தாயின் இரத்தம் 38.5 டிகிரிக்கு ஏறினால் குழந்தை ஏற்கெனவே 39-ஐ எட்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எல்லை மிகவும் கடுமையாகப் பொருந்துவது கர்ப்பத்தின் முதல் சில வாரங்களில். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக் குழாய், கரு உண்டான 28 நாட்களுக்குள், அதாவது கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் ஆறு வாரங்களுக்குள், மூடிக்கொள்கிறது. அந்த நாட்களில் காய்ச்சலுக்கோ வெந்நீர்த் தொட்டிக் குளியலுக்கோ ஆளானவர்களின் குழந்தைகளிடம் நரம்புக் குழாய்க் குறைபாடு கூடுதலாகக் காணப்பட்டதாக 1992-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கூறியது. அந்த வாரங்களில் தான் கர்ப்பமாக இருப்பதே பல பெண்களுக்குத் தெரியாது என்பதுதான் இதிலுள்ள சிக்கல். கர்ப்பம் தெரிவதற்கு முன்பு ஒருமுறை ஏலகிரிக்கோ வேறெங்கோ போய் விடுதியில் நீராவிக் குளியல் எடுத்துவிட்டேன் என்று அழுதுகொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் மட்டுமே குழந்தைக்குக் குறை வந்துவிடும் என்று யாரும் முடிவுகட்ட முடியாது. ஃபோலிக் அமில மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, 18 முதல் 20 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனின்போது மருத்துவரிடம் அந்த விஷயத்தைச் சொல்லிவிட்டால் போதுமானது.

முதல் படி: சரியாக அளப்பது

நெற்றிக்கு நேராகப் பிடிக்கும் துப்பாக்கித் தெர்மாமீட்டர் வேலூர்க் கோடையில் உதவாது. வெயிலில் நடந்துவந்தவரின் நெற்றித்தோல் காய்ந்து கொதிக்கும். வியர்த்தவரின் நெற்றி குளிர்ந்திருக்கும். இரண்டுமே உள்வெப்பத்தைச் சொல்லாது. மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். அதன் முனையை நாக்கின் அடியில், ஓரமாக வைத்து, வாயை மூடி, சத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டும். தண்ணீரோ காப்பியோ குடித்திருந்தால் 15 முதல் 20 நிமிடம் கழித்தே அளக்க வேண்டும். அக்குளில் வைத்தால் உண்மை வெப்பத்தைவிட அரை டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட் கணக்கில் ஏறத்தாழ ஒரு டிகிரி குறைவாகக் காட்டும். ஆகவே அக்குளில் 99.5 வந்தாலே எச்சரிக்கைக் கோட்டின் அருகில் இருப்பதாகக் கொள்ளுங்கள்.

இரண்டாவது படி: குளியலைக் கணக்கிடுவது

இணையத்தில் வெந்நீர்க் குளியல் ஆகாது என்று படிப்பவர்கள், அந்த எச்சரிக்கை எந்தக் குளியலைப் பற்றியது என்று கவனிப்பதில்லை. மேல்நாட்டு அறிவுரைகள் பேசுவது கழுத்துவரை மூழ்கி உட்காரும் தொட்டிக் குளியலை. 40 டிகிரி நீரில் உடல் முழுவதும் மூழ்கியிருக்கும்போது வியர்வை ஆவியாக வழியே இல்லை. தோல் வெப்பத்தை வெளியேற்றுவதற்குப் பதில் உள்ளே வாங்கிக்கொள்ளும். நம் வீடுகளில் பக்கெட்டில் நீர் நிரப்பி மொண்டு ஊற்றிக்கொள்ளும் குளியல் அப்படிப்பட்டதல்ல. ஒவ்வொரு மொண்டலுக்கும் இடையில் ஈரத்தோல் காற்றில் குளிர்கிறது. மிதமான வெந்நீரில் பத்து நிமிடம் இப்படிக் குளித்தால் உள்வெப்பம் 39-ஐ நெருங்குவதில்லை. கர்ப்பிணிகள் வெந்நீரையே தொடக் கூடாது என்று சொல்வது தேவையற்ற அச்சம்.

ஆனால் மிதம் என்பது எவ்வளவு? 37 டிகிரி, அதாவது உடலின் வெப்பம்தான் இலக்கு. அடுப்பில் கொதிக்கவைத்த நீரைப் பச்சைத்தண்ணீரில் கலக்கும் நம் வீடுகளுக்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. குழாய்நீர் 30 டிகிரியில் இருந்தால், ஒன்பது பங்கு குழாய்நீருக்கு ஒரு பங்கு கொதிநீர் சேர்த்தால் 37 டிகிரி வரும். 20 லிட்டர் பக்கெட்டென்றால் 18 லிட்டர் குழாய்நீரும் 2 லிட்டர் கொதிநீரும். இடுப்பு வலிக்கிறது என்று மாமியார் பரிவோடு கொதிநீரை இரண்டு மடங்காக, 16 லிட்டருக்கு 4 லிட்டர் என்று கலந்தால், அது 44 டிகிரி ஆகிவிடும். இரண்டு லிட்டர் கூடியதற்கே எவ்வளவு ஏறுகிறது என்பதைக் காட்டவே இந்தக் கணக்கு. உறுதிசெய்துகொள்ள விரும்பினால், அந்த டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையை மட்டும் நீரில் வைத்துப் பார்க்கலாம். 38-க்கு மேல் காட்டினால் பச்சைத்தண்ணீர் சேருங்கள். அதிகமான சூட்டில் அது எண்ணுக்குப் பதிலாக H என்ற எழுத்தைக் காட்டும்; அந்த நீரில் குளிக்கவே கூடாது.

மே மாதத்தில் இன்னொரு வேடிக்கை. அடுப்பே தேவைப்படாது. மொட்டைமாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வைத்திருக்கும் வீட்டில், பகல் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் கையைச் சுடும் நீர் வரும். அந்த நேரத்தில் குளிர்ச்சிக்காகக் குளிக்கப்போகும் கர்ப்பிணி, தெரியாமலே வெந்நீர்க் குளியல் எடுத்துக்கொள்கிறாள். காலையில் நிழலான இடத்தில் ஓர் அண்டாவிலோ பக்கெட்டிலோ நீரைப் பிடித்து மூடிவைத்தால் பிற்பகலுக்குப் பயன்படும். ஐஸ் போட்ட நீர் வேண்டாம். சாதாரண நிழல்நீரே போதும்.

குளியலில் வெப்பத்தைவிட அடிக்கடி நிகழும் ஆபத்து, மயங்கி விழுவது. வெந்நீரில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் இறங்கும். குனிந்திருந்துவிட்டுச் சட்டென்று எழும்போது கண் இருட்டும். உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும், உள்ளே தாழ்ப்பாள் போடாமல் குளிக்கும் பழக்கமும், ஜன்னலைத் திறந்துவைப்பதும் தேவை. குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் ஜன்னலைத் திறப்பது கட்டாயம். மூடிய அறையில் அது உண்டாக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாதது, உயிரைப் பறிக்கக்கூடியது, வயிற்றுக் குழந்தையையும் பாதிக்கும். இது நம் தலைப்பிலிருந்து சற்று விலகிய செய்திதான், ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

எண்ணெய்க் குளியலுக்குத் தடையில்லை. எண்ணெய் தேய்த்த உடலோடு வெயிலில் ஊறவைப்பதையும், பிறகு சூடான நீரைத் தலையில் நீண்ட நேரம் ஊற்றுவதையும் மட்டும் விட்டுவிடுங்கள். எண்ணெய்த் தரையில் கால் வழுக்கும் என்பதால் யாராவது உடனிருப்பது நல்லது.

மூன்றாவது படி: நீராவியையும் சானாவையும் எடைபோடுவது

சானா என்பது உலர்ந்த மரஅறை. 70 முதல் 100 டிகிரி வரை காற்று சூடாக இருக்கும், ஈரப்பதம் குறைவு. நீராவி அறையில் காற்று 40 முதல் 50 டிகிரிதான் இருக்கும், ஆனால் ஈரப்பதம் முழுமையாக இருக்கும். எண்ணைப் பார்த்தால் நீராவி அறை சாதுவாகத் தெரிகிறது. உண்மையில் ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை ஆவியாகாது. உடல் தன் ஒரே குளிர்சாதனத்தை இழந்துவிடுகிறது. விடுதிகளிலும் ஜிம்களிலும் ஆயுர்வேத நிலையங்களிலும் கிடைப்பவை பெரும்பாலும் நீராவிப் பெட்டியும் நீராவி அறையும்தான் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

2018-இல் வெளியான ஒரு மருத்துவத் தொகுப்பாய்வு, 40 டிகிரி வெந்நீரிலோ ஈரப்பதம் குறைந்த 70 டிகிரி சானாவிலோ 20 நிமிடம் வரை இருந்த கர்ப்பிணிகளின் உள்வெப்பம் 39-ஐத் தாண்டவில்லை என்று காட்டியது. ஃபின்லாந்தில் கர்ப்பகாலத்திலும் சானா செல்வது வழக்கம். இவற்றைக் காட்டி, அதனால் நாமும் போகலாம் என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த அளவீடுகள், ஆரோக்கியமான பெண்களிடம், நேரத்தையும் வெப்பத்தையும் பார்த்துக்கொண்டே செய்யப்பட்டவை. 42 டிகிரி வெயிலில் பேருந்தில் வந்து இறங்கி, தாகத்தோடு நேராக நீராவி அறைக்குள் நுழையும் பெண்ணைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. என் கருத்து, கர்ப்பகாலத்தில் சானாவும் நீராவி அறையும் வெந்நீர்த் தொட்டியும் வேண்டாம்; முதல் மூன்று மாதங்களில் கண்டிப்பாக வேண்டாம். இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவையும் தவிர்க்கவே சொல்கிறது. சிகிச்சைக்கான நீர்த்தொட்டிகூட 35 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது.

சளிக்கு ஆவி பிடிப்பது இதில் சேராது. முகத்தில் மட்டும் ஐந்து நிமிடம் ஆவி படுவதால் உள்வெப்பம் ஏறாது. போர்வைக்குள் உடலை முழுவதும் நுழைத்துக்கொண்டு, அண்டாவைக் காலடியில் வைத்து, வியர்த்துக் கொட்டும்வரை உட்காருவதுதான் கூடாது. காய்ச்சலோடு இருக்கும்போது இப்படிச் செய்வது இன்னும் மோசம்.

நான்காவது படி: பகல் வெயிலைச் சமாளிப்பது

மேற்சொன்னவை எல்லாம் ஒருவர் விரும்பினால் தவிர்த்துவிடக் கூடியவை. வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரங்களில் கர்ப்பிணிகளின் உள்வெப்பத்தை ஏற்றுவது பெரும்பாலும் வேறு இரண்டு: ஒன்று காய்ச்சல், மற்றொன்று ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ்ப் பிற்பகல். நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று ஊரைப் பற்றி வழக்கமாகச் சொல்லும் கேலியில், வெப்பம் பற்றிய அறிவியலும் அடங்கியிருக்கிறது. சுற்றிலுமுள்ள பாறை மலைகள் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் திருப்பித் தருகின்றன. வறண்ட பாலாற்று மணலும் அப்படியே. கத்திரி வெயில் நாட்களில் இரவு பதினோரு மணிக்கும் சுவரில் கை வைத்தால் சூடு தெரியும்.

தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த, 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், வேலையிடத்தில் அதிக வெப்பத்துக்கு ஆளான பெண்களிடம் கருச்சிதைவின் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது தெரியவந்தது. ஆகவே இது வெறும் அசௌகரியம் சார்ந்த பேச்சல்ல.

பேரணாம்பட்டுப் பக்கம் நான் கண்ட ஒரு நிகழ்வை விரிவாகச் சொல்கிறேன். முப்பதாவது வாரத்தில் இருந்த ஒரு பெண், வீட்டில் அமர்ந்து ஷூவின் மேல்பகுதியைக் கையால் தைத்துக் கொடுப்பவள். ஓடுபோட்ட முன்பகுதி, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட பின்பகுதி. வெளிச்சத்துக்காகப் பின்பகுதியில் உட்கார்ந்திருந்தாள். மே மாதத்து மதியம் இரண்டரை மணி. தலைசுற்றுகிறது, கெண்டைக்கால் இழுக்கிறது, அடிவயிறு அடிக்கடி கல்லாகிறது என்று பக்கத்து வீட்டுப் பெண் வந்து கூப்பிட்டாள். நாக்கின் அடியில் 100.8 ஃபாரன்ஹீட், அதாவது 38.2 செல்சியஸ். நாடி நிமிடத்துக்கு 112. காலையிலிருந்து ஒரே ஒருமுறைதான் சிறுநீர் கழித்திருந்தாள், அது நல்லெண்ணெய் நிறத்தில் இருந்ததாகச் சொன்னாள். என்ன குடித்தாய் என்று கேட்டேன். ஒரு டம்ளர் காப்பி, இரண்டு டம்ளர் தண்ணீர். ஏன் இவ்வளவு குறைவு என்றதற்கு மாமியார்தான் பதில் சொன்னார்.

"கால் வீங்கிக் கிடக்குதே நர்சம்மா, தண்ணி குடிச்சா இன்னும் ஊதும்னு நான்தான் கொறைச்சுக் குடிக்கச் சொன்னேன்."

இந்த ஒரு நம்பிக்கையை உடைக்க நான் பல ஆண்டுகள் செலவழித்திருக்கிறேன். கால் வீக்கம், கருப்பை அழுத்துவதால் இரத்தம் மேலே திரும்புவது தாமதமாவதாலும், வெயிலில் இரத்தக் குழாய்கள் விரிவதாலும் வருகிறது. தண்ணீரைக் குறைத்தால் வீக்கம் குறையாது. இரத்தத்தின் அளவுதான் குறையும். (முகமும் கையும் திடீரென்று வீங்கி, தலைவலியும் கண்மங்கலும் சேர்ந்தால் அது வேறு, உடனே இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.)

அவளை முதலில் அந்த அறையிலிருந்து எடுத்து, எதிர்வீட்டு வேப்பமர நிழலில் கட்டிலில் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தோம். நைட்டியின் மேலே போட்டிருந்த துப்பட்டாவை எடுத்துவிட்டு, சாதாரண நீரில் நனைத்த துண்டுகளைக் கழுத்திலும் அக்குள்களிலும் தொடையிடுக்கிலும் வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி, விசிறிக்கொண்டே இருந்தோம். ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழு ஒரு லிட்டர் நீரில் கரைத்து, பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்று ஒரு மணி நேரத்தில் ஐந்து டம்ளர்களாகக் குடிக்கவைத்தோம். இருபது நிமிடத்தில் 100.0, முக்கால் மணியில் 99.0. முதல் ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை இறுகிய வயிறு, அடுத்த மணியில் ஒரே ஒருமுறை இறுகியது. ஒன்றரை மணி கழித்துச் சிறுநீர் கழித்தாள், வெளிறிய மஞ்சளில்.

அவள் தேறிவிட்டாலும் அன்று மாலையே ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனேன். 38-ஐத் தாண்டிய வெப்பத்துக்கு வெயில்தான் காரணம் என்று நாமாக முடிவுகட்ட முடியாது. சிறுநீர்த்தொற்றும் அதே அறிகுறிகளைக் காட்டும். சிறுநீர்ப் பரிசோதனை, இரத்த அழுத்தம், குழந்தையின் இதயத்துடிப்பு எல்லாம் சரியாக இருந்தன. பிறகு தையல் வேலையை விடியற்காலை ஐந்தரை முதல் பத்து வரையும், மாலை ஐந்துக்கு மேலும் என்று மாற்றிக்கொண்டாள். ஆஸ்பெஸ்டாஸ் மேல் தென்னங்கீற்று பரப்பி, சுண்ணாம்பு அடித்தார்கள். வருமானம் சிறிது குறைந்தது என்று அவள் கணவர் முணுமுணுத்ததும் உண்மை.

மின்விசிறி பற்றி ஒரு சொல். அறைக்காற்று 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மின்விசிறி உடலுக்குச் சூட்டைத்தான் தள்ளும். அப்போது ஈரத்துணியைத் தோலில் போட்டுக்கொண்டு விசிறினால்தான் குளிர்ச்சி. ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து, பெங்களூருவிலிருந்து தாய்வீடு வேலூருக்கு வரும் பெண்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உடல் புதிய வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் உறவினர் வீடு, கோயில் என்று பகலில் சுற்றுவதைத் தள்ளிப்போடுவதே நல்லது.

ஐந்தாவது படி: குடிநீரைத் திட்டமிடுவது

வேலூர்க் கோடையில் ஒரு கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 2.5 முதல் 3 லிட்டர் திரவம் தேவை. வீட்டு டம்ளர் 200 மில்லி என்றால் 12 முதல் 15 டம்ளர். தாகம் எடுக்கும்போது குடிக்கலாம் என்று விட்டால் இந்த அளவை எட்ட முடியாது. எழுந்தவுடன் இரண்டு டம்ளர், பிறகு மாலைவரை மணிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் எண்ணுவது எளிது. வாந்தி இருப்பவர்கள் ஒரே மூச்சில் குடிக்காமல், பத்து நிமிடத்துக்கு நான்கு வாய் என்று குடிக்கலாம்.

எல்லாம் வெறும் தண்ணீராக இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் கூடாது. அதிகமாக வியர்க்கும் நாளில் உப்பும் போகிறது. உப்பில்லாத நீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டிக் குடிக்காதீர்கள். இதற்குத்தான் நம் ஊர்க் கேழ்வரகுக் கூழ் இருக்கிறதே. மோர் ஊற்றி, உப்புப் போட்டுக் கரைத்த ஒரு செம்புக் கூழ், நீரும் உப்பும் சக்தியும் சேர்ந்தது. நீர்மோரும் இளநீரும் நுங்கும் நல்லவை. சாலையோரக் கரும்புச்சாற்றிலும் ஐஸிலும் தண்ணீரின் தூய்மை சந்தேகத்துக்குரியது; வயிற்றுப்போக்கு வந்தால் குடித்ததைவிட அதிகமாக நீர் போய்விடும்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காதபோது, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு சமமட்டத் தேக்கரண்டி சர்க்கரையும், அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். அளவு மாறினால் கெடுதல். வாயில் வைத்தால் கண்ணீரின் உப்பைவிடக் கூடுதலாகக் கரிக்கக் கூடாது. கர்ப்பகாலச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைத் தினசரிப் பானமாக்காமல், மருத்துவர் சொல்லும்போது மட்டும் குடிக்க வேண்டும். அவர்களுக்குத் தினத்துக்கு நீர்மோரே ஏற்றது. இதயநோயோ சிறுநீரக நோயோ இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால், அவர் சொன்ன அளவே அளவு. மேற்சொன்ன லிட்டர் கணக்கு பொருந்தாது.

போதுமான அளவு குடித்தோமா என்பதைச் சிறுநீரே சொல்லும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வைக்கோல் நிறத்தில் போனால் சரி. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நிறம் எப்போதும் பளிச்சென்ற மஞ்சளாக இருக்கும். அவர்கள் நிறத்தை விட்டுவிட்டு எத்தனை முறை என்று எண்ண வேண்டும். ஆறு மணி நேரம் போகவில்லை என்றாலோ, எரிச்சலோடு போனாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். கழிப்பறைக்கு அடிக்கடி போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைக்கும் பெண்கள், குறிப்பாக வேலைக்குப் போகும் பெண்கள், சிறுநீர்த்தொற்றோடு வருவது எனக்குப் பழகிப்போன காட்சி.

ஆறாவது படி: காய்ச்சல் வந்தால்

39-ஐத் தாண்டவைப்பதில் முதலிடம் காய்ச்சலுக்குத்தான். 100.4-ஐத் தாண்டியதும் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று எடுத்துக்கொண்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்; டெங்கு, டைபாய்டு, சிறுநீர்த்தொற்று ஆகியவற்றில் எது என்று பார்த்தாக வேண்டும். அடுத்த மாத்திரைக்கு ஆறு மணி நேர இடைவெளி விடுங்கள். இப்யூபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகளை, குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு, நீங்களாக எடுக்கக் கூடாது. காய்ச்சலுள்ளவரைப் போர்வையால் மூடி வியர்க்கவைக்கும் வழக்கத்தைக் கர்ப்பிணியிடம் காட்டாதீர்கள்.

எப்போது ஓட வேண்டும்

வாய்வெப்பம் 102-ஐத் தொட்டால், அல்லது அரை மணி நேரம் குளிர்வித்தும் 100.4-க்குக் கீழே இறங்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும். 37 வாரத்துக்கு முன்பு, படுத்து ஒரு லிட்டர் குடித்த பிறகும் ஒரு மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் வயிறு இறுகினாலும் அப்படியே. பனிக்குட நீர் போவது, இரத்தக்கசிவு, குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றுக்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பேச்சு குழறினாலோ, இடம் தெரியாமல் பேசினாலோ, வலிப்பு வந்தாலோ அது ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்ப வாதமாக இருக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை சும்மா இருக்காமல், நிழலில் படுக்கவைத்து உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். குளிர்விப்பது முதலில், ஏற்றிக்கொண்டு போவது அடுத்ததாக. நினைவு தெளிவில்லாதவரின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குள் போகும். ஆம்புலன்சில் ஏற்றியதும் இடப்பக்கமாகவே படுக்கவைத்து, கடைசியாக எத்தனை மணிக்குத் தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டியது என்பதை ஒரு தாளில் எழுதி உடன்வருபவரின் கையில் கொடுத்தனுப்புங்கள்.